ஒரு சிட்டா, இரண்டு கைகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டிக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு கைப்பேசிச் செயலி எழுதிக் கொடுத்திருந்தோம். விடிந்ததும் பால்காரர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். பாலை அளந்ததும் உறுப்பினர் எண், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத சத்து எவ்வளவு என்று அங்கே எழுத்தராக இருக்கும் அக்கா கைப்பேசியில் பதிவார். அந்த ஊரில் சிக்னல் வரும், போகும். ஆகவே பதிவு முதலில் கைப்பேசிக்குள்ளேயே ஒரு சின்னத் தரவுத்தளத்தில் உட்காரும். சிக்னல் கிடைக்கும்போது செயலி தானாகவே, யாரும் பொத்தானை அழுத்தாமல், பதிவுகளைத் தலைமை அலுவலகக் கணினிக்கு அனுப்பும். அங்கே தரத்துக்கேற்பக் கணித்த விலையை வாங்கிவந்து அதே பதிவில் எழுதும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் ஒத்திசைவு என்று பெயர்.

ஒரு பட்டுவாடா நாளில் ஒரு பெரியவர் தனக்கு 32 ரூபாய் 40 காசு குறைகிறது என்றார். அவர் கையில் சீட்டு இருந்தது, ஆறரை லிட்டர். செயலியில் 5.6 என்று இருந்தது.

"நான் அன்னைக்கே திருத்திட்டேனுங்க தம்பி" என்றார் அக்கா. "அஞ்சு புள்ளி ஆறுன்னு தப்பா அடிச்சுட்டேன். அவரு எதுக்கவே நின்னாரு. உடனே ஆறரைன்னு மாத்தினேன். திரையிலயும் ஆறரைன்னுதான் காட்டுச்சு."

நாங்கள் அவரை நம்பவில்லை. சேமிக்கும் பொத்தானை அழுத்த மறந்திருப்பார் என்று முடிவுகட்டினோம். அக்கா சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று தெரிய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தன் மேல் தப்பில்லை என்று அவர் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

நடந்தது இதுதான். அந்தப் பதிவை 118ஆம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணி 42 நிமிடம் 10ஆவது நொடியில் பின்னணியில் ஓடிய ஒத்திசைவு அந்த வரியை முழுதாகப் படித்துத் தன் நினைவில் வைத்துக்கொண்டது: லிட்டர் 5.6, விலை காலி. விலையைக் கேட்டு அலுவலகக் கணினிக்கு ஆள் அனுப்பியது. 11ஆவது நொடியில் அக்கா லிட்டரை 6.5 என்று மாற்றிச் சேமித்தார். தரவுத்தளம் அதைச் சரியாக வாங்கிக்கொண்டது, திரையும் 6.5 என்றே காட்டியது. 12ஆவது நொடியில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: லிட்டருக்கு 36 ரூபாய். ஒத்திசைவு தன் நினைவில் இருந்த வரியில் விலையை நிரப்பி, வரி முழுவதையும் திரும்ப எழுதியது. அந்த நினைவில் இருந்த லிட்டர் இரண்டு நொடிக்கு முந்தையது. 5.6 பெருக்கல் 36, மொத்தம் 201 ரூபாய் 60 காசு. இருக்க வேண்டியது 234 ரூபாய்.

இதில் எந்த எழுத்தும் பாதியில் நிற்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தரவுத்தளத்தைக் கேட்டால், என்னிடம் இரண்டு பேர் எழுதச் சொன்னார்கள், இரண்டையும் வரிசையாக எழுதினேன் என்றுதான் சொல்லும். அது சொல்வதும் சரி. ஒருவர் படித்ததற்கும் அவரே திரும்ப எழுதியதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்து எழுதியதுதான் கோளாறு. துறையில் இதற்குத் தொலைந்துபோன திருத்தம் என்று பெயர்.

ஒத்திசைவை அக்கா வேலை செய்யாத நேரத்தில் ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். முதலில் நாங்களும் அப்படித்தான் யோசித்தோம். ஆனால் ஆண்ட்ராய்டில் திரும்பத் திரும்ப ஓடும் பின்னணி வேலைக்கு இடைவெளி 15 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் விதி உண்டு. எந்த நொடியில் எழுப்புவது என்பதை மின்கலம், சிக்னல் எல்லாம் பார்த்து இயங்குதளமே முடிவு செய்கிறது. அதிலும் கைப்பேசியை எடுத்துத் திரையைத் திறந்து பயன்படுத்தும் நேரமும் சிக்னல் கிடைக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். அதாவது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஏட்டுக்கு வருவது அபூர்வமல்ல, அதுதான் வழக்கம்.

மருந்து எளிமையானது என்பதுதான் மனதைச் சுட்டது. ஒத்திசைவுக்கு லிட்டரில் என்ன வேலை? அது கொண்டுவருவது விலையை மட்டும். விலைக் கட்டத்தை மட்டும் தொட்டிருந்தால் போதும்:

```sql
UPDATE entries SET rate = 36
WHERE id = 118;
```

கூடவே, மொத்தத் தொகையை ஒரு கட்டத்தில் எழுதிவைக்கும் வழக்கத்தையும் விட்டோம். லிட்டரும் விலையும் இருக்கையில் தொகையைப் பார்க்கும்போது பெருக்கிக்கொள்ளலாம். எழுதிவைத்தால், லிட்டரை ஒரு கையும் விலையை ஒரு கையும் மாற்றும்போது தொகை இரண்டுக்கும் பொருந்தாமல் நிற்கும்.

எதிர்த்திசையிலும் இதே குழி இருந்தது. அக்கா ஒரு பதிவைத் திருத்தத் திறந்துவைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போவார். ஐந்து நிமிடம் கழித்து வந்து சேமிப்பார். அந்தப் படிவத்தில் இருப்பது ஐந்து நிமிடத்துக்கு முந்தைய வரி. அதற்குள் வந்துவிட்ட விலையை அது காலியாக்கிவிடும். ஆகவே படிவமும் தான் மாற்றிய கட்டத்தை மட்டுமே எழுத வேண்டும் என்றானது.

`INSERT OR REPLACE` என்று ஒரு கட்டளை உண்டு. ஒத்திசைவு எழுதுகிறவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்: வரி இல்லையென்றால் சேர்க்கும், இருந்தால் மாற்றும், ஒரே வரியில் வேலை முடிந்தது. உண்மையில் அது வரியை மாற்றுவதில்லை. பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகிறது. அலுவலகக் கணினிக்குத் தெரியாத ஒரு கட்டம், உதாரணமாக அக்கா எழுதிவைத்த குறிப்பு, அந்த அழிப்போடு போய்விடும். வரியோடு இணைந்த வேறு அட்டவணையில் தாய்வரி போனால் சேய்வரியும் போகட்டும் என்று விதி வைத்திருந்தால் அவையும் சேர்ந்து போகும். 2018இல் வந்த 3.24 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டில் `ON CONFLICT DO UPDATE` இருக்கிறது. அது வரியை அழிக்காமல் நாம் சொல்லும் கட்டங்களை மட்டும் மாற்றும். பழைய கட்டளை இன்னும் எத்தனையோ செயலிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு கையும் ஒரே கட்டத்தைத் தொட்டால்? அலுவலகத்திலும் சில நேரம் லிட்டரைத் திருத்துவார்கள். அங்கேதான் வரிக்கு ஒரு பதிப்பு எண் தேவைப்பட்டது. படிக்கும்போது எண் 7 என்றால், எழுதும்போது இன்னும் 7ஆகவே இருந்தால் மட்டும் எழுது என்று சொல்கிறோம்:

```sql
UPDATE entries
SET litres = 6.5, version = version + 1
WHERE id = 118 AND version = 7;
```

நடுவில் யாராவது எழுதியிருந்தால் எண் 8 ஆகியிருக்கும். கட்டளை எந்த வரியையும் தொடாது. எத்தனை வரி மாறியது என்று கேட்டால் பூஜ்யம் என்று பதில் வரும். அந்தப் பூஜ்யத்தைக் கவனிப்பதுதான் முழு உத்தியும். கவனிக்காமல் விட்டால் திருத்தம் சத்தமில்லாமல் காணாமல் போகும். முன்பு பழையது புதியதை அழித்தது, இப்போது புதியது எழுதப்படாமலே போகும், அவ்வளவே வித்தியாசம். பூட்டுப் போடாமல் கடைசியில் சரிபார்க்கும் இந்த முறையை எச்.டி. குங், ஜான் ராபின்சன் இருவரும் 1981இல் ஒரு கட்டுரையில் முறையாக விளக்கினார்கள். மோதல் அரிதாக நடக்கும் இடத்துக்கு இன்றும் இதுதான் பொருத்தம்.

இதோடு ஒரு தொல்லை முடிந்தது என்று நினைத்தோம். அடுத்தது உடனே வந்தது, இம்முறை சத்தத்தோடு. மழையில் கோபுரம் பழுதாகி நான்கு நாள் சிக்னல் இல்லை. ஐந்தாம் நாள் காலை, பால் ஊற்றும் நேரத்தில், சிக்னல் வந்தது. நான்கு நாள் பாக்கி முழுவதையும் ஒத்திசைவு ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அக்கா சேமிக்கும் பொத்தானை அழுத்த, `database is locked` என்று வந்தது. மறுபடி அழுத்தினார். அதே செய்தி. வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்துவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள எஸ்க்யூலைட் எப்படிப்பட்ட ஏடு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000இல் இதை எழுதத் தொடங்கினார். அப்போது அவர் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே தரவுத்தளம் தனியே ஒரு சேவையகமாக ஓடியது. அது நின்றால் அதை நம்பிய மென்பொருளும் நின்றது. சேவையகமே வேண்டாம், ஒரே ஒரு கோப்பு போதும் என்று அவர் எடுத்த முடிவால்தான் இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசியிலும் அது இருக்கிறது. ஒரே கோப்பு என்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கைதான் எழுத முடியும். பெரிய தரவுத்தளங்கள் வரிக்கு வரி பூட்டுப் போடும். இது முழுக் கோப்புக்கும் ஒரே பூட்டு. ஒத்திசைவு 118ஆம் வரியில் எழுதிக்கொண்டிருக்கையில் அக்கா 240ஆம் வரியில்கூட எழுத முடியாது.

படிக்கிறவர்கள் பாடு அவ்வளவு மோசமில்லை. 2010இல் 3.7.0 பதிப்போடு வந்த ஒரு முறையை நம் மளிகைக்கடைக்காரர்கள் நெடுங்காலமாகவே கடைப்பிடிக்கிறார்கள். அன்றாட வரவுசெலவு முதலில் சிட்டாவில் ஏறும். பிறகு நேரம் பார்த்துச் சிட்டாவிலிருந்து பேரேட்டுக்குப் போகும். அதேபோல் புதிய எழுத்து எதுவும் முதன்மைக் கோப்பைத் தொடாமல் பக்கத்தில் `-wal` என்று முடியும் ஒரு கோப்பின் வாலில் சேர்ந்துகொண்டே போகும். அது ஏறத்தாழ 1000 பக்கம் சேர்ந்ததும் முதன்மைக் கோப்புக்கு மாற்றப்படும். படிக்கத் தொடங்கியவர், தான் தொடங்கிய நொடியில் சிட்டா எந்த வரி வரை இருந்ததோ அதுவரைதான் பார்ப்பார். அதற்குப் பின் யார் என்ன எழுதினாலும் அவர் காண்பது கலையாது. இதனால் ஒத்திசைவு எழுதும்போது அக்காவின் திரை உறையாது. ஒரே ஒருமுறை சொன்னால் போதும், கோப்பே நினைவில் வைத்துக்கொள்ளும்:

```sql
PRAGMA journal_mode = WAL;
```

ஆனால் சிட்டாவின் பேனா ஒன்றுதான். அந்த விதியை இது மாற்றவில்லை, எங்கள் சிக்கல் பேனாவில்தான் இருந்தது.

நாங்கள் செய்த தவறு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் பேசியது. ஒத்திசைவு முதலில் ஒரு டிரான்ஸாக்ஷனைத் திறந்தது. டிரான்ஸாக்ஷன் என்றால் இதில் உள்ளவை எல்லாம் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் நடக்கக் கூடாது என்ற கட்டு. அந்தக் கட்டுக்குள் இருந்தபடியே ஒவ்வொரு பதிவாக அலுவலகத்துக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, விலையை எழுதி, அடுத்ததற்குப் போனது. எழுதுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் சிறு துணுக்கு. கிராமத்துச் சிக்னலில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஒரு நொடி, இரண்டு நொடி. நானூற்றுச் சொச்சம் பதிவுகளுக்கு அது பத்து நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நேரமும் பேனா ஒத்திசைவின் கையில்.

மாற்றி அமைத்தபோது வேலையை மூன்றாகப் பிரித்தோம். அனுப்ப வேண்டியதைப் படித்துக்கொண்டு தரவுத்தளத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வலைப்பின்னல் பேச்சு முழுவதும் வெளியே, எந்தப் பூட்டும் இல்லாமல் நடக்க வேண்டும். வந்த விலைகளை ஐம்பது ஐம்பதாக, ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒரு சிறு டிரான்ஸாக்ஷனாக எழுத வேண்டும். ஐம்பது என்பது வேதவாக்கு அல்ல. எங்கள் மலிவான கைப்பேசியில் ஓட்டிப் பார்த்து, விரலுக்குத் தாமதம் தெரியாத அளவென்று தேர்ந்தெடுத்தது. ஒரு கட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சிறு இடைவெளி விட்டோம். இல்லையென்றால் ஒத்திசைவே மீண்டும் மீண்டும் பேனாவைப் பறித்துக்கொள்ளும்.

அந்த இடைவெளியில் அக்காவின் முறை வர, காத்திருக்கச் சொல்லவும் வேண்டும். எஸ்க்யூலைட்டிடம் நாம் எதுவும் சொல்லாவிட்டால், பூட்டு கிடைக்கவில்லை என்றதும் காத்திராமல் உடனே பிழை தந்துவிடும். கீழ்வரும் வரி 5000 மில்லிநொடி, அதாவது ஐந்து நொடி வரை முயன்று பார் என்கிறது:

```sql
PRAGMA busy_timeout = 5000;
```

முந்தைய அமைப்பைப் போல இதைக் கோப்பு நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வோர் இணைப்பும் திறக்கும்போது தனித்தனியே சொல்ல வேண்டும். நாங்கள் படிவத்தின் இணைப்பில் சொல்லிவிட்டு ஒத்திசைவின் இணைப்பில் மறந்தோம்; பிழை அங்கே இடம் மாறியது.

இதையெல்லாம் செய்த பிறகும் சில நேரம், ஐந்து நொடி போகட்டும், ஒரு நொடிகூடக் காத்திராமல் அதே பூட்டுச் செய்தி வந்தது. இதன் காரணம் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்தமான பகுதி. சாதாரண `BEGIN` உடனே எழுத்துப் பூட்டை எடுப்பதில்லை. நீங்கள் முதலில் படித்தால் படிப்பவராகவே கணக்கில் வைக்கும். எழுதும் கட்டளை வரும்போதுதான் எழுதுபவராக உயர்த்தப் பார்க்கும். படித்ததற்கும் உயர்த்துவதற்கும் நடுவே இன்னொருவர் எழுதி முடித்திருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பழைய சிட்டா. பழையதைப் பார்த்துப் புதியதை எழுத அது அனுமதிக்காது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பழையது புதியதாகப் போவதில்லை என்பதால் காத்திருக்கவும் செய்யாது. எண் 517, `SQLITE_BUSY_SNAPSHOT` என்று உள்ளே பார்த்தால் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், 118ஆம் வரியில் எங்களுக்கு நடந்த அதே கேட்டைத் தரவுத்தளம் இங்கே தானே தடுக்கிறது. படிப்பதும் எழுதுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருந்தால் அது பிடித்துவிடும். நாங்கள் வெளியே படித்து உள்ளே எழுதியதால் பிடிக்க வழியில்லாமல் போனது. எழுதப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் இப்படித் தொடங்க வேண்டும்:

```sql
BEGIN IMMEDIATE;
```

பேனாவை முதலில் எடு, பிறகு படி, பிறகு எழுது. பேனா நம் கையில் இருக்கும்போது படித்தது நாம் எழுதி முடிக்கும்வரை பழையதாகாது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சியிருந்த பிழைதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. அனுப்ப வேண்டிய பதிவுகளை அடையாளம் காண ஒவ்வொரு வரியிலும் ஒரு குறி வைத்திருந்தோம்: 1 என்றால் பாக்கி, 0 என்றால் போய்விட்டது. பெரும்பாலான செயலிகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஒத்திசைவு 1 என்றிருக்கும் வரியை எடுத்து அனுப்பும். அலுவலகம் பெற்றுக்கொண்டேன் என்றதும் 0 ஆக்கும். இப்போது அனுப்பியதற்கும் பதில் வருவதற்கும் இடையே அக்கா அந்த வரியைத் திருத்தினால்? திருத்தம் குறியை 1 ஆக்கும்; அது ஏற்கெனவே 1. அடுத்த நொடி பதில் வரும், ஒத்திசைவு 0 என்று எழுதும். அலுவலகத்திடம் இருப்பது பழைய லிட்டர். கைப்பேசியில் இருப்பது புதியது. பக்கத்தில் எல்லாம் அனுப்பியாயிற்று என்று பச்சைப் புள்ளி. இனி எக்காலத்திலும் அந்தத் திருத்தம் போகாது.

முதல் பிழையில் அக்காவின் கைப்பேசியிலேயே தப்பு தெரிந்தது. இதில் அவர் பார்க்கும் எல்லாமே சரியாக இருக்கும். கைப்பேசியின் அன்றைய மொத்த லிட்டரையும் அலுவலகத்தின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் வெளிவரும். எங்களுக்கும் அப்படித்தான் வெளிவந்தது: எல்லாப் பதிவுகளும் போய்ச் சேர்ந்திருந்தும் மொத்தத்தில் அரை லிட்டர் வித்தியாசம்.

குறிக்குப் பதிலாக இரண்டு எண்கள் வைத்தோம். `edit_no` என்பது இந்த வரி எத்தனையாவது திருத்தத்தில் இருக்கிறது. `sent_no` என்பது எத்தனையாவது திருத்தம் வரை அலுவலகம் பெற்றுக்கொண்டது. முதலது பெரிதாக இருந்தால் பாக்கி இருக்கிறது என்று பொருள். மூன்றாம் திருத்தத்தை அனுப்பிப் பதில் வந்தால் ஒத்திசைவு எழுதுவது இவ்வளவுதான்:

```sql
UPDATE entries SET sent_no = 3
WHERE id = 118 AND sent_no < 3;
```

நடுவில் அக்கா திருத்தியிருந்தால் `edit_no` 4 ஆகியிருக்கும். 3ஐ விட 4 பெரிது. வரி தானாகவே பாக்கியில் நிற்கும், அடுத்த சுற்றில் போகும். ஒத்திசைவு இனிமேல் எல்லாம் முடிந்தது என்று அறிவிப்பதில்லை. தனக்குத் தெரிந்ததை, மூன்று போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் எழுதுகிறது.

இதே இரண்டு எண்கள் உள்ளே வரும் திருத்தங்களுக்கும் காவல். அலுவலகத்திலிருந்து லிட்டர் திருத்தம் ஒன்று வந்தால், அந்த வரியில் அக்காவின் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். இருந்தால் மேலே எழுதுவதில்லை. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே `BEGIN IMMEDIATE` கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

பதிலே வராமல் போவதும் உண்டு. அலுவலகம் பதிவை வாங்கிக்கொண்டது, ஆனால் பெற்றேன் என்ற சொல் வழியில் தொலைந்தது. கைப்பேசி மறுபடி அனுப்பும். அலுவலகம் அதைப் புதுப் பதிவாக எடுத்துக்கொண்டால் ஒரு கேன் பால் இரண்டு கேனாகும். ஒவ்வொரு பதிவுக்கும் அது பிறக்கும்போதே கைப்பேசியில் ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் அலுவலகம் புதிதாகச் சேர்க்காமல் பெற்றேன் என்று மட்டும் பதில் சொல்லும்படி செய்தோம்.

அக்கா சொன்னது உண்மை என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தரவுத்தளத்தில் டிரிகர் என்று ஒன்று வைக்கலாம்: ஒரு வரி மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, எழுதியது யார் என்பதை வேறோர் அட்டவணையில் குறித்துவைக்கும். அதை வைத்த பத்தாம் நாள் இன்னொரு உறுப்பினரின் பதிவில் அதே கதை நடந்தது. குறிப்பேட்டில் மூன்று வரி இருந்தது: திரை எழுதியது, திரை திருத்தியது, ஒத்திசைவு பழையதைத் திரும்ப எழுதியது. பிறகு அதை எங்கள் மேசையிலேயே வரவழைக்கக் கற்றுக்கொண்டோம். இரண்டு நொடி இடைவெளியில் நடப்பதைக் கையால் சோதிக்க முடியாது. ஆகவே சோதனைப் பதிப்பில் ஒத்திசைவு படித்ததும் பத்து நொடி தூங்கும்படி செய்தோம். அந்தப் பத்து நொடியில் ஒருவர் திரையில் திருத்துவார். தூக்கத்தை அனுப்பிய பின், பதில் வரும் முன், எழுதும் முன் என்று இடம் மாற்றி மாற்றி வைத்தோம். இரண்டாயிரத்தில் ஒருமுறை வந்த பிழை ஒவ்வொரு முறையும் வந்தது. புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் இன்றும் இந்தத் தூக்கச் சோதனையை ஓட்டுகிறோம்.

இந்த ஏற்பாடுகளால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் ஒரு பதிவை 6.0 என்று திருத்துகிறார், அதே பதிவை அக்கா 6.5 என்று திருத்துகிறார் என்றால் எது சரி? பூட்டும் பதிப்பு எண்ணும் இரண்டு பேர் திருத்தினார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும். பாலை அளந்து பார்க்காது. கடைசியாக எழுதியவர் சொல்வதே சரி என்று விடுவது பலர் எடுக்கும் வழி. பால் கணக்குக்கு அது ஆகாது என்பது என் எண்ணம். கடைசி யார் என்பதைக் கைப்பேசியின் கடிகாரம் சொல்கிறது, அந்தக் கடிகாரம் தப்பாக ஓடலாம். அது சரியாக ஓடினாலும் பிந்தி எழுதினவருக்கு அதிகம் தெரியும் என்று யார் சொன்னது? ஆகவே இரண்டு எண்ணையும் அழிக்காமல் வைத்து, சிவப்புக் கோடிட்டு, யார் எப்போது எழுதினார் என்பதோடு திரையில் காட்டி விடுகிறோம். முடிவு சொல்லும்வரை அந்தப் பதிவு பட்டுவாடாவில் சேராது.

மாதத்தில் இரண்டோ மூன்றோ அப்படி வரும். போன முறை நான் அங்கே இருந்தபோது ஒன்று வந்தது. அக்கா திரையைப் பார்த்தார், சீட்டுக் கட்டைப் புரட்டினார், பிறகு வரிசையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, செவ்வாக்கெழமை சாயங்காலம் உங்க பால் எவ்வளவுங்க?"

"ஆறுதானுங்க அம்மிணி. அரை லிட்டரு தங்கச்சி வீட்டுதுங்க, அவ பேர்ல போடச் சொன்னனே."

அவர் 6.0ஐத் தொட்டார். சிவப்புக் கோடு போனது. தங்கச்சியின் பெயரில் அரை லிட்டருக்குப் புதிதாக ஒரு பதிவைத் திறந்தார்.